நசுங்கிய பெட்டியும் நாற்பது என்ற கணக்கும்

"அண்ணாச்சி, ஒரு கையெழுத்துப் போடுங்க. இன்னும் நாலு கடைக்கு இறக்கணும்."

பார்சல் லாரி கடை வாசலில் வந்து நின்றதும் கேட்கும் முதல் பேச்சு இதுதான். டிரைவர் நீட்டும் தாளில் "சரக்கு நல்ல நிலையில் பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று ஏற்கெனவே அச்சாகியிருக்கும். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு மேல் கடைக்காரர் தன் கையால் என்ன எழுதுகிறார், அல்லது எதுவும் எழுதாமல் விடுகிறார் என்பதில்தான் பின்னால் கிடைக்கப்போகும் நஷ்டஈட்டில் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. வக்கீல் நோட்டீஸ், இன்ஷூரன்ஸ் சர்வேயர், மேலாளரிடம் சண்டை எல்லாம் அதற்கு அப்புறம்.

வழியில் சரக்கு உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது கடைக்காரர்களுக்கு ஓரளவு தெரியும். லாரி ஆபீஸுக்கு போன் போடுவார்கள், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். ஆனால் கிளெயிம் முடிய மாதக்கணக்கில் ஆகும்போது, உடைந்த சரக்கை ஸ்டாக் கணக்கில் எங்கே வைப்பது என்று கேட்டால் பலரிடம் தெளிவான பதில் இருக்காது. கிளெயிம் கெட்டுப்போவதும் கணக்கு குழம்புவதும் பெரும்பாலும் சேர்ந்தே நடக்கின்றன. அதனால் இரண்டையும் ஒரே உதாரணத்தில் பார்த்துவிடலாம்.

திருநெல்வேலியில் ஒரு சானிடரி கடை என்று வைத்துக்கொள்வோம். சென்னை மொத்த வியாபாரியிடம் 40 பீங்கான் வாஷ்பேசின் வாங்குகிறது. ஒன்றின் விலை 2,500 ரூபாய். ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதாவது 450 ரூபாய். ஆக மொத்த பில் 1,18,000 ரூபாய். ஜூன் 3-ஆம் தேதி பார்சல் சர்வீஸில் புக்கிங் ஆகிறது. பெட்டிக்கு 80 ரூபாய் வீதம் லாரி வாடகை 3,200 ரூபாய். ஜூன் 5-ஆம் தேதி காலையில் லாரி கடைக்கு வருகிறது. கடை கற்பனை, எண்களும் உதாரணத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஆனால் பீங்கான், கண்ணாடி, மின்சாதனம் விற்கும் எந்த ஊர்க் கடைக்காரரும் இந்தக் கதையைத் தன் கதையாகவே படிக்க முடியும்.

லோடுமேன்கள் இறக்கி எண்ணினால் 39 பெட்டிதான் இருக்கிறது. அதில் ஐந்து பெட்டிகள் மூலை நசுங்கி, ஒருபக்கம் உள்வாங்கியிருக்கின்றன. ஒன்றைத் தூக்கினாலே உள்ளே சில்லுகள் உருளும் சத்தம் கேட்கிறது.

இப்போது அந்தக் கையெழுத்து. எல்.ஆர். என்று நாம் சொல்லும் லாரி ரசீதின் டெலிவரி நகலில் கடைக்காரர் எழுத வேண்டியது இவ்வளவுதான்: "எல்.ஆர். படி 40 பெட்டி. வந்தது 39, ஒரு பெட்டி குறைவு. 5 பெட்டி நசுங்கியுள்ளது, உள்ளே உடைந்த சத்தம். மற்றவை திறந்து பார்க்கப்படவில்லை. 5.6, காலை 11.20." இதை எழுதி, டிரைவரிடமோ கூட வந்த டெலிவரி ஆளிடமோ கையெழுத்து வாங்கி, அந்தப் பக்கத்தை அப்போதே படம் எடுத்துக்கொள்ள வேண்டும். டிரைவர் கையெழுத்துப் போட மறுத்தால், மறுத்தார் என்பதையும் லாரி நம்பரையும் சேர்த்து எழுதிவிட்டு, கிளை அலுவலகத்துக்கு அந்த நிமிடமே செய்தி அனுப்ப வேண்டும். "சேதத்துடன் வந்தது" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதில் பயனில்லை. எத்தனை பெட்டி, என்ன சேதம் என்று எழுதாத குறிப்பை, ஆறு மாதம் கழித்துப் படிக்கும் ஒருவர் எப்படி வேண்டுமானாலும் வளைத்துக்கொள்ளலாம்.

"மற்றவை திறந்து பார்க்கப்படவில்லை" என்ற வரி சிறியதுதான். ஆனால் அது இல்லாவிட்டால், வெளியே நன்றாக இருந்த 34 பெட்டிகளும் உள்ளேயும் நன்றாக இருந்தன என்று கடைக்காரரே ஒப்புக்கொண்டதாகப் பேச்சு வரும்.

எல்.ஆர். வெறும் வாடகைச் சீட்டு இல்லை. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தச் சட்டப்படி, ரசீதில் எழுதியிருக்கும் எடை, எண்ணிக்கை போன்ற விவரங்கள் மாறாக நிரூபிக்கப்படும்வரை உண்மை என்றே கொள்ளப்படும். 40 என்று எழுதி வாங்கிய லாரி கம்பெனி 40-க்குப் பதில் சொல்ல வேண்டும். சேதம் அவர்களுடைய அஜாக்கிரதையால்தான் ஏற்பட்டது என்று வழக்குப் போடுபவர் நிரூபிக்கத் தேவையில்லை என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. இயற்கைச் சீற்றம், போர், கலவரம், அரசின் பறிமுதல் போன்ற சில காரணங்களைத் தவிர மற்றபடி பொறுப்பு லாரி கம்பெனியுடையது. ரசீதின் மூலையில் "உரிமையாளர் பொறுப்பில்" என்று அச்சடித்திருப்பதைக் காட்டிக் கிளை மேலாளர் கையை விரிப்பது வழக்கம். பழைய 1865-ஆம் ஆண்டுச் சட்டம் அமலில் இருந்த காலத்திலேயே, அந்த வாசகம் லாரி கம்பெனியைப் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடாது என்று நாத் பிரதர்ஸ் எதிர் பெஸ்ட் ரோட்வேஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-இல் சொல்லிவிட்டது. அதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டியதில்லை.

நசுங்கிய ஐந்து பெட்டிகளை உடனே கத்தியால் கிழித்துவிடக் கூடாது. லாரி ஆபீஸில் "ஓப்பன் டெலிவரி" கேட்கலாம். அவர்களுடைய ஆள் முன்னிலையில் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதை இருவரும் பார்த்து எழுதிக்கொள்வதற்குத்தான் அந்தப் பெயர். அதன் முடிவில் சேதச் சான்று ஒன்று கொடுப்பார்கள். ஆள் வர ஒருநாள் ஆகலாம், அதுவரை பெட்டிகள் வந்தபடியே இருக்கட்டும். வரவே இல்லை என்றால், இன்ன நேரத்தில் திறக்கப்போகிறோம் என்று எழுதித் தெரிவித்துவிட்டு, அக்கம்பக்கத்துக் கடைக்காரர் ஒருவரைச் சாட்சியாக வைத்துத் திறக்கலாம்.

படங்களுக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் லாரி, அதன் நம்பர், உள்ளே பெட்டிகள் அடுக்கியிருக்கும் விதம். வாஷ்பேசின் பெட்டியின் தலைமேல் மோட்டார் பம்ப் ஏற்றியிருந்தால், சேதத்தின் காரணத்தை அந்த ஒரு படமே சொல்லிவிடும். இறக்கிய பிறகு அந்தக் காட்சி இருக்காது. அடுத்து பெட்டியின் நான்கு பக்கமும், எல்.ஆர். எண் எழுதிய பக்கம் தெரியும்படி. பிறகு மூடியைத் திறந்ததும், பொருளை வெளியே எடுக்காமல், தெர்மோகோல் எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்று தெரியும் ஒரு படம். கடைசியாகத்தான் உடைந்த பேசின். பெரும்பாலோர் எடுப்பது இந்தக் கடைசிப் படத்தை மட்டும். தரையில் கிடக்கும் உடைந்த பீங்கான் எங்கே உடைந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது, கடையில் கைதவறிப் போட்டதும் அப்படித்தான் இருக்கும். பெட்டி, தெர்மோகோல், பொருள் மூன்றிலும் அடிபட்ட இடம் ஒரே நேர்கோட்டில் இருப்பதைக் காட்டினால்தான் அது போக்குவரத்துச் சேதம் என்று நிற்கும். அதனால் அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடக் கூடாது. உடைந்த சில்லுகளும் கிளெயிம் முடியும்வரை குடோனில்தான் இருக்க வேண்டும்.

ஐந்து பெட்டிகளைத் திறந்தபோது மூன்று பேசின்கள் சுக்குநூறு. ஒன்றில் விளிம்பு சில்லு போயிருக்கிறது, விலை குறைத்தால் யாராவது வாங்குவார்கள். ஐந்தாவது பெட்டி நசுங்கியிருந்தும் பேசின் முழுசாகவே இருக்கிறது.

மீதி 34 பெட்டிகளையும் நன்றாக இருக்கிறது என்று நம்பி அடுக்கிவிட முடியாது. பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் விழும். பேசினைக் கவிழ்த்து மென்மையான ஒரு தளத்தில் வைத்து, விரல் முட்டியால் விளிம்பில் தட்டினால், நல்ல பேசின் கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்டது மந்தமாகச் சத்தம் போடும். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் நீல மையைக் கரைத்துத் தடவித் துடைத்தால், விரிசல் இருக்கும் இடத்தில் மெல்லிய கோடு தங்கும். நம் கடையில் இரண்டு நாள் கழித்து, இப்படித் தட்டிப் பார்க்கும்போது ஒன்று மாட்டுகிறது.

இந்த ஒன்று சிக்கலான ஒன்று. பெட்டியில் அடிபட்ட அடையாளம் இல்லை. "இது சூளையிலேயே வந்த விரிசல்" என்று லாரி ஆபீஸ் சொல்லும், "வழியில் அடிபட்டது" என்று சென்னை வியாபாரி சொல்வார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சில சமயம் விடை கிடைக்கும். விரிசலின் ஓரம் மழமழப்பாக, மேற்பூச்சு உள்ளே வழிந்து உறைந்திருந்தால், அது சுடுவதற்கு முன்பே இருந்த விரிசல். லாரிமேல் பழி போட முடியாது. ஓரம் கூராக, உள்ளே வெறும் வெள்ளைப் பீங்கான் தெரிந்தால் சுட்டு முடித்தபின் வந்தது என்று மட்டும் சொல்லலாம். அது சூளையில் ஆறும்போது விழுந்ததா, லாரியில் விழுந்ததா என்பதை அந்தக் கண்ணாடி சொல்லாது. இத்தகைய மறைவான சேதத்துக்குச் சில கம்பெனிகள் ரசீதின் பின்பக்கத்தில் ஒரு காலவரம்பு அச்சிட்டிருப்பார்கள். சரக்கு வந்த அன்றே அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டால், எவ்வளவு சீக்கிரம் எல்லாப் பெட்டியையும் திறக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

இனி ஸ்டாக் கணக்கு. ஜூன் 5 மாலையில் கம்ப்யூட்டர் முன் உட்காரும் பையன் செய்யும் முதல் தவறு, பில்லைப் பார்த்து 40 என்று வரவு வைப்பது. மறுநாள் ஒரு காண்ட்ராக்டர் போன் செய்து, "ஹாஸ்டல் வேலைக்கு 38 பேசின் வேணும், இருக்கா?" என்று கேட்டால், திரை 40 காட்டும். கடை "இருக்கு" என்று சொல்லி முன்பணம் வாங்கிவிடும். குறைந்துவிட்டது, ஆர்டர் போடு என்று நினைவூட்டும் அளவும் அந்தப் பொய் எண்ணையே நம்பிக்கொண்டிருக்கும்.

நேரெதிரான தவறும் உண்டு. உடைந்ததை உடைந்தது என்று அன்றைக்கே கணக்கிலிருந்து தள்ளிவிடுவது. பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் மூன்று வாரம் கழித்து சர்வேயர் வந்து, "கிளெயிமில் காட்டிய பேசின்கள் எங்கே, உங்கள் ஸ்டாக்கில் இல்லையே?" என்று கேட்டால் பதில் இல்லை. குடோனில் சில்லு கிடக்கிறது, புத்தகத்தில் எதுவும் இல்லை.

சரியான வழி, எண்ணிக்கையையும் மதிப்பையும் பிரித்துப் பார்ப்பது. எண்ணிக்கை கண்ணால் பார்க்கும் உண்மை, அது நடந்த அன்றே கணக்கில் ஏற வேண்டும். மதிப்பு, யார் எவ்வளவு தருவார்கள் என்பதைப் பொறுத்தது, அது காத்திருக்கும். டாலி போன்ற கணக்கு மென்பொருளில் குடோன் என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரே பொருளைப் பல இடங்களில் பிரித்து வைத்துக் காட்டலாம். விற்பனைக் குடோன் தவிர, "சேதம் – கிளெயிம் நிலுவை" என்று ஒன்றும், "வழியில் – வராதது" என்று ஒன்றும் உருவாக்கிக்கொண்டால் போதும். நோட்டில் எழுதும் கடைக்காரர் இதையே மூன்று பத்தியாகப் போடலாம். கிளெயிம் நிலுவையில் இருப்பது நிஜமாகவே குடோனில் தனி இடத்தில், எல்.ஆர். எண் எழுதிய சீட்டுடன் இருக்க வேண்டும். இல்லையென்றால் அவசரத்தில் யாராவது அதிலிருந்து ஒன்றை எடுத்து பில் போட்டுவிடுவார்கள்.

நம் கடைக் கணக்கு இப்படி நகர்கிறது. ஜூன் 5 மாலை: விற்பனைக் குடோனில் 34, சேதக் குடோனில் 5, வராதது 1. அந்த 34 தட்டிப் பார்க்கப்படவில்லை என்பதால், விற்பனைக்குப் போகும் ஒவ்வொன்றையும் பார்த்தே அனுப்ப வேண்டும். அடுத்த நாள் பெட்டிகளைத் திறந்ததும், முழுசாக இருந்த ஒன்று விற்பனைக்கு மாறுகிறது. 35, 4, 1. இரண்டு நாள் கழித்து விரிசல் கண்ட பேசின் சேதத்துக்குப் போகிறது. 34, 5, 1. எந்த நாளில் கூட்டினாலும் 40. பில்லோடு அது ஒத்துப்போகும், அதே சமயம் விற்கக்கூடியது 34 என்பதை யாரிடமும் மறைக்காது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதியும் காரணமும் எழுதியிருந்தால், பின்னாளில் கிளெயிம் கோப்புக்கு இதுவே ஒரு சாட்சி.

வராத அந்த ஒன்றை ஏன் தனியாக வைக்க வேண்டும்? பார்சல் சரக்கு வழியில் இறக்கி ஏற்றப்படும்போது ஒரு பெட்டி வேறு ஊர் அடுக்கில் சேர்ந்து போவது சாதாரணம். நம் பெட்டி ஒன்பதாவது நாள் நாகர்கோவில் கிளையிலிருந்து திரும்பி வருகிறது, உள்ளே பேசின் நல்ல நிலையில். "வராதது" என்ற இடத்திலிருந்து விற்பனைக்கு மாற்றினால் வேலை முடிந்தது. 35, 5, 0. தொலைந்தது என்று ஏற்கெனவே தள்ளியிருந்தால், இப்போது எங்கிருந்தோ முளைத்த ஒரு பேசினுக்கு வரவு எழுத வேண்டும். அதைப் பார்க்கும் ஆடிட்டர் இது என்ன என்று கேட்பார்.

இனி மதிப்பு. கிளெயிம் தொகையைப் பில் விலையில் பெருக்கினால் மட்டும் போதாது, ஜி.எஸ்.டி.யும் இதில் நுழைகிறது. அழிந்த, தொலைந்த, கணக்கிலிருந்து தள்ளப்பட்ட சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்று மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5)(h) பிரிவு சொல்கிறது. உடைந்த மூன்று பேசினுக்கும் தலா 450 ரூபாய் வரி வரவை, மாதாந்திரக் கணக்கில் திருப்பிவிட வேண்டும். திருப்பிய வரி கடைக்காரரின் கைநஷ்டம், ஆகவே அதையும் கிளெயிமில் சேர்க்கலாம். சில்லு போன பேசின் அப்படி இல்லை. அது குறைந்த விலைக்கு வரியோடு விற்கப்படும், வரவைத் திருப்ப வேண்டியதில்லை, விலைக் குறைவு மட்டும்தான் நஷ்டம். பதிவு பெற்ற வியாபாரி வைத்திருக்க வேண்டிய ஸ்டாக் கணக்கில் தொலைந்தது, அழிந்தது, தள்ளியது ஆகியவை தனியாகத் தெரிய வேண்டும் என்று ஜி.எஸ்.டி. விதி 56-இல் இருக்கிறது. இணக்கமுறை வரி கட்டுவோருக்கு மட்டும் அதில் விலக்கு. தனிக் குடோன் போட்டு வைத்திருப்பவருக்கு அதற்கென்று புதிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

முதல் நோட்டீஸில் நம் கடை கேட்டது இது. உடைந்த மூன்று, விரிசல் ஒன்று, வராதது ஒன்று, ஆக ஐந்துக்கு, ஒவ்வொன்றுக்கும் விலை 2,500, வரி 450, வீணான லாரி வாடகை 80, மொத்தம் 3,030 ரூபாய். ஐந்துக்கு 15,150. சில்லு போனதை 1,500-க்கு விற்க முடியும் என்று வைத்து நஷ்டம் 1,000. மொத்தம் 16,150 ரூபாய். தொலைந்த பெட்டி வந்ததும், அதற்கான 3,030-ஐக் கழித்து 13,120 என்று திருத்தக் கடிதம் கொடுத்தது. கேட்காமலே தானாக இப்படித் திருத்திக் கொடுப்பவரின் மற்ற எண்களை லாரி ஆபீஸில் நம்புவார்கள்.

நோட்டீஸ் விஷயத்தில் ஒரு தேதியைக் கவனிக்க வேண்டும். சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி, சேதத்தைப் பற்றி எழுத்துமூலமான அறிவிப்பு லாரி கம்பெனிக்குப் போய்ச் சேராமல் வழக்குப் போட முடியாது. அதுவும் 180 நாளுக்குள். அந்த 180 நாள் தொடங்குவது சரக்கு வந்த தேதியிலிருந்து இல்லை, புக்கிங் ஆன தேதியிலிருந்து. ஜூன் 3-இல் புக்கிங் என்றால் நவம்பர் 30-உடன் முடிகிறது. "பார்த்துச் செய்றோம் அண்ணாச்சி, நாம என்ன இன்னைக்கு நேத்தா பழகுறோம்?" என்று கிளையில் அன்போடு சொல்லும் பேச்சில் மாதங்கள் போய்விடும். சொல்பவர் மனதார சொல்வதாகவே இருக்கலாம், ஆனால் அந்தப் பேச்சு நோட்டீஸ் ஆகாது. முதல் வாரத்திலேயே தலைமை அலுவலக முகவரிக்கு, சேர்ந்ததற்கு ஆதாரம் கிடைக்கும் தபாலில் அனுப்பிவிட வேண்டும். எல்.ஆர். எண், தேதி, பில் எண், எத்தனை, என்ன சேதம், எவ்வளவு ரூபாய் என்ற விவரங்களுடன், பில், டெலிவரி நகல், சேதச் சான்று, படங்களின் பிரதி போதும். சட்டத்தின் வாசகம் சரக்கை அனுப்பியவரை முன்னிறுத்துவதால், சென்னை வியாபாரியிடமும் இதே நோட்டீஸை அனுப்பச் சொல்வது நல்லது.

சென்னை வியாபாரியின் பங்கு இன்னொரு கேள்வி. பல பில்களின் அடியில், சரக்கு எங்கள் குடோனை விட்டு வெளியேறியதும் எங்கள் பொறுப்பு முடிந்தது என்று அச்சிட்டிருப்பார்கள். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, லாரியில் ஏற்றிக்கொடுத்ததையே வாங்குபவருக்குக் கொடுத்ததாகப் பொதுவாக எடுத்துக்கொள்கிறது. கடை வாசல்வரை தன் பொறுப்பு என்று விற்பவர் ஒப்புக்கொண்டிருந்தால் கதை வேறு, அப்போது அவர் வரியோடு கிரெடிட் நோட் கொடுப்பார், லாரியிடம் கேட்க வேண்டியவரும் அவரே. இது தெளிவாவதற்கு முன் அவர் பாக்கியில் கடைக்காரர் தானாகப் பணத்தைப் பிடித்துக்கொண்டால், இருவர் கணக்கும் ஒட்டாமல் போகும். ஒரே பேசினுக்கு அவரிடம் கிரெடிட் நோட்டும் லாரியிடம் நஷ்டஈடும் வாங்கினால் அது நேர்மையில்லை, கணக்கிலும் ஒருநாள் வெளிவரும்.

கேட்ட 13,120-ஐ வரவேண்டிய பணமாகக் கணக்கில் எழுதலாமா? லாரி கம்பெனி எழுத்தில் ஒப்புக்கொள்ளும்வரை கூடாது. கேட்டது கேட்டதுதான், வந்தது இல்லை. இடையில் மார்ச் 31 வந்துவிட்டால், சேதக் குடோனில் உடைந்த மூன்றும் விரிசல் விட்ட ஒன்றும் எண்ணிக்கையில் நான்காகவே நிற்கும், மதிப்பு மட்டும் சுழி. சில்லு போனது, விற்றால் கிடைக்கும் 1,500 ரூபாய்க்கு நிற்கும். நஷ்டம் அந்த ஆண்டுக் கணக்கில் போய்விடும், பணம் வரும் ஆண்டில் அது வருமானம்.

நம் கதையில் செப்டம்பரில் பதில் வருகிறது. ஓப்பன் டெலிவரியில் பார்த்த நான்கையும் ஒப்புக்கொள்கிறார்கள், விரிசலை மறுக்கிறார்கள். மூன்றுக்கு 9,090, சில்லு போனதற்கு 1,000, ஆக 10,090 ரூபாய். விரிசல் பேசினின் 3,030 ரூபாயை வியாபாரியும் ஏற்கவில்லை, கடை தன் நஷ்டமாக எழுதி அதன் வரி வரவையும் திருப்புகிறது. அதன் பிறகுதான் சேதக் குடோனிலிருந்து நான்கு பேசின்கள் தள்ளப்படுகின்றன, சில்லு போனது விற்பனைக்குப் போகிறது. சில்லுகளை லாரி கம்பெனி எடுத்துக்கொள்ளப்போவதில்லை என்று எழுத்தில் வாங்கியபின் அவற்றை அப்புறப்படுத்தலாம்.

இந்தத் தொகை சிறியது என்பதால் முழுக்கக் கேட்க முடிந்தது. 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி லாரி கம்பெனியின் பொறுப்பு, வாடகையின் பத்து மடங்குக்கு மேல் போகாது, அறிவித்த சரக்கு மதிப்பையும் தாண்டாது. 3,200 ரூபாய் வாடகைக்கு உச்சவரம்பு 32,000. லாரி கவிழ்ந்து நாற்பதும் நொறுங்கியிருந்தால், 1,18,000 ரூபாய் சரக்குக்கு அவ்வளவுதான் வந்திருக்கும். எடை குறைந்து விலை கூடிய சரக்கு அனுப்புபவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் பயங்கரமானது, செல்போன் பெட்டிக்கு வாடகை எவ்வளவு வந்துவிடப் போகிறது? வரம்பைத் தாண்ட வேண்டுமானால், புக்கிங்கின்போதே மதிப்பை அறிவித்து, கூடுதல் பொறுப்புக் கட்டணம் கட்டச் சம்மதித்து எழுதிக் கொடுக்க வேண்டும். சரக்கு உடைந்தபின் அதைக் கேட்க முடியாது.

இன்னொரு வழி போக்குவரத்து இன்ஷூரன்ஸ். அது இருந்தாலும் லாரி கம்பெனிக்கு நோட்டீஸ் அனுப்பும் வேலை குறையாது. பணம் கொடுத்தபின் இன்ஷூரன்ஸ் கம்பெனி, கடைக்காரரின் இடத்தில் நின்று லாரி கம்பெனியிடம் வசூலிக்கும் உரிமை பெறுகிறது. தமிழ்நாட்டு நூற்பாலை ஒன்று கல்கத்தாவுக்கு அனுப்பிய நூல் விபத்தில் நாசமான சரண் ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில், 2010-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு விரிவாக விளக்கியது இந்த உரிமையைத்தான். 180 நாள் நோட்டீஸைத் தவறவிட்ட கடைக்காரர் அந்த உரிமையைக் கெடுத்துவிட்டார் என்று கூறி, இன்ஷூரன்ஸ் கம்பெனி தன் தொகையைக் குறைக்கவோ மறுக்கவோ பார்க்கும். லாரி ஆபீஸில் ஐயாயிரம் ரூபாயை நீட்டி, "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன், இனி எந்த உரிமையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்து கேட்டால், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் எழுத்துமூலமான சம்மதம் வரும்வரை அதில் கையெழுத்துப் போடக் கூடாது.